டிவிடெண்ட் வரும், விலை இறங்கும்: எக்ஸ்-டேட் கணக்கு

2023 மார்ச் 28 அன்று வேதாந்தா நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடி, அந்த நிதியாண்டின் ஐந்தாவது இடைக்கால ஈவுத்தொகையை அறிவித்தது. பங்குக்கு 20 ரூபாய் 50 காசு. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையால் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த அதே வேதாந்தாதான். பங்கின் முகமதிப்பு ஒரு ரூபாய் என்பதால், சந்தை வழக்கப்படி சதவீதக் கணக்கில் இதை 2050 சதவீத டிவிடெண்ட் என்று சொல்லலாம். புதிதாகப் பங்குச் சந்தைக்கு வந்தவர் கண்ணை அகல விரித்துவிடுவார். ஆனால் அந்தச் சதவீதம் முகமதிப்பின் மீது போட்ட கணக்கு. பங்கு அப்போது 300 ரூபாய்க்குக் கீழே விற்றுக்கொண்டிருந்தது. போட்ட பணத்தை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஏழு சதவீதம். அதுவும் ஒன்றும் சாதாரணமில்லை. வங்கி ஓராண்டு முழுக்கக் கொடுக்கும் வட்டி ஒரே நாளில் கிடைப்பதுபோல் தெரியும். ஏப்ரல் 5-ம் தேதி, புதன்கிழமை, பங்கை வாங்கினால் போதும். அடுத்த நாள் விற்றுவிட்டாலும் 20.50 ரூபாய் கணக்கில் வந்துவிடும்.

வந்தது. ஆனால் அடுத்த நாள் காலையில் பங்கு விலையும் இறங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எக்ஸ்-டிவிடெண்ட் தேதி என்றால் என்ன என்பது புரியும்.

டிவிடெண்ட் விஷயத்தில் நிறுவனம் சொல்வது ஒரே ஒரு தேதியைத்தான்: ரெக்கார்டு தேதி. அன்று மாலை யாருடைய டீமேட் கணக்கில் பங்கு இருக்கிறதோ, அவருக்கே பணம். சிக்கல் என்னவென்றால், பங்கை வாங்கிய நொடியில் அது டீமேட்டுக்கு வந்துவிடாது. இந்தியச் சந்தையில் 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் ‘டி பிளஸ் ஒன்’ செட்டில்மென்ட் நடைமுறையில் இருக்கிறது. இன்று வாங்கினால் அடுத்த வேலை நாளில் கைக்கு வரும். எனவே ரெக்கார்டு தேதியன்றே வாங்குபவருக்குப் பங்கு மறுநாள்தான் வரும், டிவிடெண்ட் கிடையாது. டிவிடெண்ட் உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் அந்த முதல் நாளே எக்ஸ்-டேட். இப்போதைய முறையில் பெரும்பாலும் ரெக்கார்டு தேதியும் எக்ஸ்-டேட்டும் ஒரே நாளாக அமைந்துவிடுகின்றன. முன்பு இரண்டு நாள் செட்டில்மென்ட் இருந்தபோது எக்ஸ்-டேட் ஒரு நாள் முந்தி வரும். பழைய வழக்கத்தை மனதில் வைத்திருப்பவர்கள் இன்றும் இதில் குழம்புகிறார்கள்.

வேதாந்தா இதில் ஒரு நல்ல விதிவிலக்கு. அது குறித்த ரெக்கார்டு தேதி ஏப்ரல் 7. அன்று புனித வெள்ளி, சந்தைக்கு விடுமுறை. அதனால் எக்ஸ்-டேட் ஒரு நாள் முந்தி, ஏப்ரல் 6 வியாழக்கிழமைக்கு வந்தது. புதன்கிழமை வாங்கியவருக்கு வியாழக்கிழமை பங்கு வந்துவிட்டது, பெயர் பட்டியலில் ஏறியது. வியாழக்கிழமை வாங்கியவருக்குச் செட்டில்மென்ட் அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. ரெக்கார்டு தேதியை மட்டும் பார்த்துவிட்டு “ஒரு நாள் முன்னால் வாங்கினால் போதும்” என்று வியாழக்கிழமை வாங்கியவருக்கு 20.50 ரூபாய் இல்லை. இடையில் விடுமுறை இருந்தால் ரெக்கார்டு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவதை நம்பக்கூடாது. தேசியப் பங்குச் சந்தையோ மும்பைப் பங்குச் சந்தையோ வெளியிடும் எக்ஸ்-டேட்டைத்தான் பார்க்க வேண்டும். பணம் அன்றே வந்துவிடும் என்றும் எதிர்பார்க்கக்கூடாது. அறிவித்த 30 நாட்களுக்குள் கொடுக்கலாம் என்று நிறுவனச் சட்டம் அவகாசம் தருகிறது.

சரி, விலை ஏன் இறங்குகிறது? யாராவது குறைத்துவிடுகிறார்களா?

இல்லை. போனஸ் பங்கு வழங்கும்போதோ முகமதிப்பைப் பிரிக்கும்போதோ சந்தை நிர்வாகமே முந்தைய நாள் விலையைக் கணக்குப் போட்டுத் திருத்திவிடும். வழக்கமான டிவிடெண்டுக்கு அப்படிச் செய்வதில்லை. விலையைக் குறைப்பவர்கள் வாங்குபவர்களும் விற்பவர்களுமே. வேதாந்தாவிடம் சுமார் 372 கோடிப் பங்குகள் இருந்தன. பங்குக்கு 20.50 என்றால் மொத்தம் 7,600 கோடி ரூபாய்க்கு மேல். புதன்கிழமை பங்கை வாங்கியவர் சுரங்கங்கள், உருக்காலைகள், கடன்கள் ஆகியவற்றோடு இந்த ரொக்கத்தின் ஒரு துண்டையும் வாங்கினார். வியாழக்கிழமை வாங்குபவருக்கு மற்றதெல்லாம் உண்டு, அந்தத் துண்டு மட்டும் இல்லை; அது முந்தைய உரிமையாளருக்குப் போய்ச் சேர வேண்டிய பாக்கியாக மாறிவிட்டது. குறைந்த பொருளுக்குப் பழைய விலையைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. காலை 9 மணிக்குத் தொடங்கும் முன்-வர்த்தக நேரத்தில் ஆர்டர் போடும்போதே எல்லோரும் டிவிடெண்டைக் கழித்துத்தான் விலை கேட்கிறார்கள். 9.15-க்குச் சந்தை திறக்கும்போதே பங்கு கீழே இருந்து தொடங்குகிறது. முந்தைய நாள் முடிவு விலை திருத்தப்படாததால் செல்பேசிச் செயலியில் பங்கு சிவப்பில் தெரியும். டிவிடெண்ட் வாங்கியவர் ஏழு சதவீதம் இழந்துவிட்டதுபோல் அந்தச் சிவப்பு காட்டும், ஆனால் அவர் இழக்கவில்லை. ஒரு பையில் இருந்தது இன்னொரு பைக்குப் போயிருக்கிறது.

இதைப் பெரிய அளவில் காட்டிய நிகழ்ச்சி அமெரிக்காவில் 2004-ல் நடந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பங்குக்கு மூன்று டாலர் சிறப்பு டிவிடெண்டும், வழக்கமான 8 சென்ட்டும் கொடுத்தது. மொத்தம் 32 பில்லியன் டாலர் அளவுக்கு ஒரே நிறுவனத்திலிருந்து வெளியேறியது. எக்ஸ்-டேட் நவம்பர் 15, திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை 30 டாலரைத் தொட்டுக்கொண்டிருந்த பங்கு, திங்கட்கிழமை 27.40 டாலர் வாக்கில் முடிந்தது. (அந்தப் பணம் டிசம்பரில் பட்டுவாடா ஆனபோது அமெரிக்க அரசின் தனிநபர் வருமானக் கணக்கே அந்த மாதம் துள்ளிக் குதித்தது, பொருளாதார நிபுணர்கள் மைக்ரோசாஃப்டைத் தனியாகக் கழித்துப் பார்க்க வேண்டியிருந்தது.)

கவனித்துப் பார்த்தால் ஒன்று இடிக்கும். கொடுத்தது 3.08 டாலர், இறங்கியது சுமார் 2.60 டாலர். மீதி அரை டாலர் எங்கே போனது?

ஒரு நாளை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அன்று சந்தை ஏறியிருக்கலாம், நிறுவனத்தைப் பற்றி வேறு செய்தி வந்திருக்கலாம். நம் ஊரில் பெரும்பாலான நிறுவனங்கள் தரும் டிவிடெண்ட் விலையில் ஒரு சதவீதம்கூட இருக்காது. பங்கோ சாதாரண நாளிலேயே ஒன்றரை சதவீதம் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தில் அரை சதவீத இறக்கம் கண்ணுக்கே தெரியாமல் கரைந்துவிடும். எக்ஸ்-டேட்டில் பங்கு ஏறி முடிந்ததைப் பார்த்துவிட்டு “டிவிடெண்டும் வந்தது, விலையும் ஏறியது” என்று மகிழ்பவர்கள், டிவிடெண்ட் இல்லாதிருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும் என்பதை யோசிப்பதில்லை. உண்மையான இறக்கம் எவ்வளவு என்று அறிய ஆயிரக்கணக்கான எக்ஸ்-டேட்களைச் சேர்த்துச் சராசரி பார்க்க வேண்டும்.

எட்வின் எல்டன், மார்ட்டின் குரூபர் என்ற இரண்டு நிதியியல் பேராசிரியர்கள் அதைத்தான் செய்தார்கள். நியூயார்க் பங்குச் சந்தையில் 1966 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு நடந்த எக்ஸ்-டேட்களை அலசி, 1970-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக, ஒரு டாலர் டிவிடெண்டுக்கு விலை சுமார் 78 சென்ட்தான் இறங்கியிருந்தது. அவர்கள் சொன்ன காரணம் வரி. அன்றைய அமெரிக்காவில் டிவிடெண்டுக்கு வரி அதிகம், பங்கை விற்று வரும் லாபத்துக்கு வரி குறைவு. ஒரு டாலர் டிவிடெண்ட் வாங்குபவர் கையில் வரி போக மிஞ்சுவது குறைவு என்பதால், அதற்காக ஒரு டாலர் முழுதாகக் கூடுதல் விலை கொடுக்க அவர் தயாராக இல்லை. அதனால் டிவிடெண்ட் போனபோது விலையும் முழுதாக இறங்கவில்லை.

அழகான விளக்கம். ஆனால் 1998-ல் முர்ரே ஃபிராங்க், ரவி ஜகந்நாதன் இருவரும் ஹாங்காங் சந்தையை எடுத்துப் பார்த்தபோது விஷயம் சிக்கலானது. அங்கே டிவிடெண்டுக்கும் வரியில்லை, பங்கு லாபத்துக்கும் வரியில்லை. வரிதான் காரணம் என்றால் அங்கே விலை முழுதாக இறங்கியிருக்க வேண்டும். சராசரி டிவிடெண்ட் 12 ஹாங்காங் சென்ட். சராசரி இறக்கமோ 6 சென்ட், அதாவது பாதி! அவர்கள் கண்டுபிடித்தது இது: சின்ன டிவிடெண்டை வசூலிக்கும் தொல்லையே வேண்டாம் என்று பலர் எக்ஸ்-டேட்டுக்கு முன்பே விற்றுவிடுகிறார்கள், வாங்க நினைப்பவர்கள் எக்ஸ்-டேட் கழியட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆகவே முந்தைய நாள் வியாபாரம் பெரும்பாலும் வாங்குவோர் கேட்கும் கீழ் விலையில் முடிகிறது, மறுநாள் விற்போர் சொல்லும் மேல் விலையில் முடிகிறது. திரையில் தெரியும் கடைசி விலையில் இறக்கம் குறைவாகத் தோன்றுகிறது.

குறுகிய கால வியாபாரிக்கு இந்த ஆய்வு முக்கியம். பாதி டிவிடெண்ட் சும்மா கிடைப்பதுபோல் தோன்றினாலும், அதை எடுக்க அவர் மேல் விலைக்கு வாங்கி, மறுநாள் கீழ் விலைக்கு விற்க வேண்டும். அந்த இடைவெளியே லாபத்தைத் தின்றுவிடும்.

முதல்நாள் வாங்கி மறுநாள் விற்கும் இந்த வியாபாரத்தை இன்றைய இந்திய வரியில் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பங்கு 500 ரூபாய், டிவிடெண்ட் 20 ரூபாய் என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 200 பங்குகள், ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்குகிறார். டிவிடெண்ட் 4,000 ரூபாய். 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட், வாங்குபவரின் வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி விகிதத்தில் வரிக்கு உட்படுகிறது. அவர் 30 சதவீத வரி விகிதத்தில் இருந்தால், கூடுதல் செஸ்ஸோடு 1,248 ரூபாய் வரிக்குப் போகும். மிஞ்சுவது 2,752.

மறுநாள் பங்கு சரியாக 20 ரூபாய் இறங்கி 480-க்கு விற்றால் நட்டம் 4,000. இதைக் குறுகிய கால மூலதன நட்டம் என்கிறது வரித்துறை. முக்கியமான முடிச்சு இங்கேதான்: இந்த நட்டத்தை அந்த டிவிடெண்டோடு கழித்துக்கொள்ள முடியாது. வேறு மூலதன லாபத்தோடு மட்டுமே கழிக்கலாம். 2024 ஜூலை 23 முதல் குறுகிய கால பங்கு லாபத்துக்கு வரி 20 சதவீதம், செஸ்ஸோடு 20.8. அதாவது வேறு லாபம் இருந்தால் இந்த நட்டம் 832 ரூபாய் வரியை மிச்சப்படுத்தும். இல்லாவிட்டால் எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம், இப்போதைக்குப் பலனில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம் வீதம், முத்திரைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 210 ரூபாய்க்கு மேல். தரகும் டீமேட் கட்டணமும் தனி.

கூட்டிக் கழித்தால், வேறு லாபம் உள்ளவருக்கு 600 ரூபாய்க்கு மேல் கைநட்டம். வேறு லாபம் இல்லாதவருக்கு 1,400 ரூபாயைத் தாண்டும். விலை எவ்வளவு இறங்கினால் இவர் கணக்கு சரிக்குச் சரியாகும் என்று திருப்பிப் பார்த்தால், முதலாமவருக்கு 16 ரூபாய்க்கு மேல் இறங்கக்கூடாது. இரண்டாமவருக்கு 12 ரூபாய் 70 காசுக்கு மேல் இறங்கக்கூடாது. 20 ரூபாய் டிவிடெண்டுக்கு 16 ரூபாய் மட்டும் இறங்குவது நடக்காத காரியமல்ல. ஆனால் அப்படி இறங்கினாலும் கிடைப்பது பூஜ்யம். அன்று சந்தை ஒரு சதவீதம் சரிந்தால் அதற்கு மேல் 1,000 ரூபாய் போகும். நான்கைந்து ரூபாய் வித்தியாசத்துக்காக ஒரு லட்சத்தை ஒரு நாள் முழுக்க ஆட்டத்தில் வைப்பது நல்ல வியாபாரம் என்று சொல்வதற்கில்லை.

பழைய காலத்தில் கதை வேறு. 2020-க்கு முன் டிவிடெண்ட் வரியை நிறுவனமே கட்டிவிடும், பெரும்பாலான முதலீட்டாளர் கையில் டிவிடெண்டுக்கு வரியில்லை. அப்போது டிவிடெண்டை வரியில்லாமல் வாங்கிக்கொண்டு, விற்றதில் வந்த நட்டத்தை வேறு லாபத்தில் கழித்து வரி மிச்சம் பிடித்தார்கள் சாமர்த்தியசாலிகள். ரெக்கார்டு தேதிக்கு முன் மூன்று மாதத்துக்குள் வாங்கி, பின் மூன்று மாதத்துக்குள் விற்றால் டிவிடெண்ட் அளவுக்கு நட்டத்தை ஏற்க முடியாது என்று சட்டம் போட்டுத்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அந்தக் காலத்துப் புத்தகங்களையும் காணொளிகளையும் பார்த்துவிட்டு இன்று யாராவது இந்த உத்தியைப் பரிந்துரைத்தால், அதன் உயிர்நாடியான வரிவிலக்கு இப்போது இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு வகைக் குழப்பம். ஃப்யூச்சர்ஸ் வைத்திருப்பவருக்கு டிவிடெண்ட் கிடையாது. அதனால் எக்ஸ்-டேட்டுக்கு முன்பே ஃப்யூச்சர்ஸ் விலை டிவிடெண்டைக் கழித்துக்கொண்டே நடக்கும். பங்கு 500, அந்த மாதத்துக்குள் 8 ரூபாய் டிவிடெண்ட், ஒரு மாத வட்டி 3 ரூபாய் வாக்கில் என்றால், ஃப்யூச்சர்ஸ் 495 அருகில் இருப்பதே நியாயம். இதைப் பார்த்து “ஃப்யூச்சர்ஸ் டிஸ்கவுண்டில் ஓடுகிறது, பெரிய கைகள் விற்கின்றன” என்று சிலர் ஷார்ட் அடிக்கிறார்கள். எக்ஸ்-டேட்டில் பங்கு 492-க்கு வரும்போது ஃப்யூச்சர்ஸ் நின்ற இடத்திலேயே நிற்கும், லாபம் வராது. புட் ஆப்ஷன் வாங்கியவருக்கும் இதே அனுபவம்தான். வரப்போகும் இறக்கம் அவர் கொடுத்த பிரீமியத்திலேயே சேர்ந்திருக்கிறது. பங்கையே கடன் வாங்கி விற்றாலும் தப்பிக்க முடியாது. இடையில் வரும் டிவிடெண்டைக் கடன் வாங்கியவரிடம் வசூலித்து, பங்கைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள்.

டிவிடெண்ட் பெரிதாக இருந்தால் விதி மாறும். அறிவிப்புக்கு முந்தைய நாள் விலையில் 2 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அதை அசாதாரண டிவிடெண்டாகக் கொண்டு சந்தையே ஒப்பந்தங்களைத் திருத்துகிறது. எல்லா ஆப்ஷன்களின் ஸ்ட்ரைக் விலையிலிருந்தும் முழு டிவிடெண்ட் தொகை கழிக்கப்படும். ஃப்யூச்சர்ஸுக்கு முந்தைய நாள் விலை அதே அளவு குறைக்கப்படும். வேதாந்தாவின் 20.50 ரூபாய் இந்த எல்லையைத் தாண்டியது. 280 ரூபாய் ஸ்ட்ரைக் வைத்திருந்தவருக்கு அது 259.50 ஆனது. காலையில் தன் போர்ட்ஃபோலியோவில் இப்படி அரை ரூபாயில் முடியும் எண்ணைப் பார்த்துப் பதறிப்போய் தரகு நிறுவனத்துக்கு போன் போடத் தேவையில்லை. ஒப்பந்தத்தின் மதிப்பு மாறவில்லை, பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது.

ரொக்கச் சந்தையில் நீண்ட நாளுக்கு ஸ்டாப் லாஸ் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் விலை வரம்போடு நிலுவையில் இருக்கும் வாங்கும் ஆர்டர்களை எக்ஸ்-டேட்டில் டிவிடெண்ட் அளவுக்குக் குறைக்கும் விதி உண்டு. இங்கே தரகுச் செயலியில் ஒருவர் 500 ரூபாய்ப் பங்குக்கு 485-ல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்து, 20 ரூபாய் டிவிடெண்டோடு பங்கு 480-ல் திறந்தால், நல்ல நிலையில் இருக்கும் பங்கு முதல் நிமிடத்திலேயே விற்றுப் போய்விடும். அதற்குப் பிறகு டிவிடெண்ட் அவர் கணக்குக்கு வரும், ஆனால் அவர் வைத்திருக்க நினைத்த பங்கு கையில் இருக்காது. எக்ஸ்-டேட்டுக்கு முதல்நாள் மாலை ஸ்டாப் லாஸ் விலையை டிவிடெண்ட் அளவுக்குக் கீழே இறக்கி வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். வைத்திருக்கும் பங்குகளின் எக்ஸ்-டேட் எப்போது என்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வேதாந்தா அந்த 2022-23 நிதியாண்டுக்கு ஐந்து தவணைகளில் கொடுத்தது மொத்தம் 101.50 ரூபாய்: 31.50, 19.50, 17.50, 12.50, 20.50. லண்டனில் இருந்த தாய் நிறுவனத்துக்குக் கடன் அடைக்கப் பணம் தேவைப்பட்டதால்தான் இத்தனை தாராளம் என்று சந்தையில் பரவலாகப் பேசிக்கொண்டார்கள். 2022 மார்ச் இறுதியில் 400 ரூபாயை ஒட்டி நின்ற பங்கு, ஐந்தாவது தவணையும் போனபின் 300-க்குக் கீழே இருந்தது. இடையில் உலோக விலைகளும் இறங்கின என்பது உண்மை, முழுப் பழியையும் டிவிடெண்ட் மீது போட முடியாது. ஆனால் ஒவ்வொரு எக்ஸ்-டேட்டிலும் முதல்நாள் வாங்கி மறுநாள் விற்றவர், வருமான வரிப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது ஐந்து டிவிடெண்டுகளையும் வருமானப் பக்கத்தில் ஒன்று விடாமல் எழுத வேண்டியிருந்தது. ஐந்து நட்டங்களையும் எழுத வேறு பக்கம்.